யானை தொங்கிய படமும் நிலக்கரி தொங்கிய படமும்

மதராஸிலிருந்து ரயிலில் வந்த தகரப் பெட்டியைத் திறந்து, முதல் சுருளைக் கொஞ்சம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஷேக் மைதீன். அரைக்கால் சட்டை போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள், சுற்றிலும் கயிறு கட்டிய மேடையில் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சுருளை எடுத்தார். அதிலும் குத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். எழுந்து போய் மறுபடியும் குத்தினான். நாலாவதில் ஒருவன் விழுந்துவிட்டான். அவ்வளவுதான் படம்.

முதல் உலக யுத்தம் தொடங்கிய மறு வருஷம், தை மாதம். சேரன்மகாதேவியில் அறுப்பு முடிந்த வயல் ஒன்றில் மைதீனின் பயாஸ்கோப் கூடாரம் நின்றுகொண்டிருந்தது. ஊரில் மூன்று நாளாகத் தமுக்கு அடித்து, "பயங்கரமான சண்டைப் படம்" என்று சொல்லியாகிவிட்டது. வேறு படம் கைவசம் இல்லை. போட்டுத்தான் ஆகவேண்டும்.

பேசாத படம் அல்லவா? நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். திரைக்குப் பக்கத்தில் நின்று, கையில் கம்போடு கதையை விளக்கிச் சொல்வது அருளப்பனின் வேலை. அருளப்பன் உவரிக்காரன், வள்ளத்துக்காரக் குடும்பம். கடல் காற்றுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையாலும் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இவன் குத்துதான்... அவன் குனிஞ்சுட்டான்... இப்பம் அவன் குத்துதான்..."

முன்வரிசை நாற்காலியில் இருந்த தாணுமாலையன் பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அந்த ஊரில் நிலபுலம் உள்ளவர்; தினமும் தவறாமல் வருகிறவர்.

"ஏ அருளப்பா, அவனுக ரெண்டு பேருக்கும் என்னவே தகராறு? வரப்புத் தகராறா? பொம்பளைத் தகராறா?"

"தகராறு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இது விளையாட்டு."

"விளையாட்டுக்கா இந்தக் குத்துக் குத்துதானுவ?" என்றார் பிள்ளை. கூடாரமே சிரித்தது. மூன்றாவது சுருள் ஓடும்போது தரை டிக்கெட்டில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த மைதீனுக்குக் கை வலியைவிட மனவலி பெரிதாக இருந்தது. ஏனென்றால் "சண்டைப் படம் அனுப்பவும்" என்று மதராஸுக்கு எழுதியது அவர்தான்.

ஷேக் மைதீனுக்கு அப்போது நாற்பது வயது. மேலப்பாளையத்தில் நெசவுக் குடும்பம். இருபது வயதில் கைலி மூட்டையோடு கொழும்புக்குப் போனவர், பத்துப் பன்னிரண்டு வருஷம் அங்கே ஜவுளி விற்றார். ஒருநாள் மழைக்கு ஒதுங்க இடம் பார்த்து ஒரு கொட்டகைக்குள் நுழைந்தார். உள்ளே திரையில் ஓர் ஆறு வெள்ளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஓடக்காரன், அக்கரையில் இருக்கும் மருத்துவச்சியைக் கூட்டிவர வேண்டும். இக்கரையில் குடிசைக்குள் அவன் பெண்டாட்டி வலியில் துடிக்கிறாள். துடுப்பு முறிகிறது. பலகையை எடுத்துத் துழாவுகிறான். மைதீன் எதிரே இருந்தவரின் தோளைப் பிடித்து அழுத்திவிட்டார். அந்த மனிதர் திரும்பிச் சிங்களத்தில் வைதார். மழை விட்டது கூடத் தெரியாமல் மூன்று தடவை அதே படத்தைப் பார்த்தார். அதற்கு மூன்று வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பியபோது ஜவுளிக்குப் பதிலாக ஒரு பழைய பயாஸ்கோப் எந்திரத்தோடு வந்து இறங்கினார். அவர் மனைவி ஆபிதா பீவி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, மாவு அரைக்கிற மிஷினா?" என்று கேட்டாள்.

எந்திரம் சொந்தம். கூடாரம் சொந்தம். படம் மட்டும் சொந்தம் இல்லை. மதராஸில் ஒரு கம்பெனி வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுக்கும். ரயிலில் வரும், ரயிலில் திரும்பும். எந்தப் படம் வரும் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா தில்லைநாயகத்தின் கையில். மைதீன் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எழுத்தைத்தான் தெரியும்: சின்னச் சின்ன, கோபமான எழுத்து.

இரண்டு வருஷமாக இந்தக் கடிதப் போக்குவரத்து நடந்துவந்தது. "நல்ல படமாக அனுப்பவும்" என்று மைதீன் முதலில் எழுதினார். பனிமலை வந்தது. மலை, அதன் மேல் பனி, இன்னொரு மலை. "விறுவிறுப்பான படம் வேண்டும்" என்று எழுதினார். ரயில் ஓடுகிற படம் வந்தது. சேரன்மகாதேவிக்கு ரயில் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்டேஷனில் போய் நின்றால் சும்மா பார்க்கலாம். "சிரிப்புப் படம்" என்று கேட்டதற்கு, பிசைந்த மாவை ஒருவர் முகத்தில் ஒருவர் எறிந்துகொள்ளும் படம் வந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "சோத்தை இப்படிப் பாழாக்குதானே, கை அழுகிப் போவும்" என்று சொன்னது எந்திரம் வரைக்கும் கேட்டது. அதோடு, "சிரிப்புப் படம் இனி எந்தக் காலத்திலும் வேண்டாம்" என்று எழுதிப் போட்டார். கடைசியில் சண்டை கேட்டார். சண்டையும் வந்துவிட்டது.

மறுநாள் காலை மைதீன் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் படத்தைக் கண்ணால் பார்த்து அனுப்புகிறீர்களா, தராசில் நிறுத்து அனுப்புகிறீர்களா என்று கேட்டிருந்தார். அஞ்சாம் நாள் பதில் வந்தது.

"ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. நல்லது, விறுவிறுப்பு, சிரிப்பு, சண்டை என்று தாங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கேட்டதையே அனுப்பினேன். தங்கள் மனதுக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் அறுநூறு படம் இருக்கிறது. இதுவரை தங்களுக்குப் பிடித்த படம் ஏதாவது உண்டா? உண்டானால் எழுதவும். - தில்லைநாயகம்."

"பாத்தியாலே திமிர!" என்று மைதீன் கடிதத்தை அருளப்பனிடம் நீட்டினார். "பிடிச்ச படம் உண்டான்னு கேக்குதான். பிடிக்காமலா நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்?"

"அப்ப எழுதுங்க அண்ணாச்சி. அதத்தான அவரும் கேக்குதாரு."

எழுதினார். ஓடக்காரன் வெள்ளத்தில் போன படம். யானையைக் கப்பலில் ஏற்றிய படம். ஒருவன் கடுதாசி காற்றில் பறந்து போகிற படம். இந்த மூன்றும் எனக்கு மிகவும் பிடித்தவை. இந்த மாதிரி அனுப்பவும். சுருக்கமாக, தெளிவாக எழுதிவிட்டோம் என்று ஒரு திருப்தி. கூடாரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றி நாங்குநேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கோயில் திருவிழாக் கூட்டம் இருந்தது. பெட்டியும் வந்து சேர்ந்தது.

மைதீன் பெட்டியைத் திறந்தார். முதல் சுருளில் சீமைப் பள்ளிக்கூடப் பையன்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து படகுப் பந்தயம் விட்டார்கள். ஆறு அமைதியாக இருந்தது. இரண்டாவதில் ஏதோ மிருகக்காட்சி சாலையில் ஒரு யானை குளித்தது. மூன்றாவதில் லண்டன் தபால் ஆபீஸில் நூறு பேர் உட்கார்ந்து கடுதாசிகளைப் பிரித்துப் பிரித்து அடுக்கினார்கள்.

அவர் சுருளைக் கீழே வைத்துவிட்டு, கூடாரத்துக்கு வெளியே போய் வெயிலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "ஆறு கேட்டேன், ஆறு வந்துட்டு. யானை கேட்டேன், யானை வந்துட்டு. கடுதாசி கேட்டேன், மூட்டை மூட்டையா வந்துட்டு. இவன் மேல எப்படிலே வழக்குப் போடுதது?" என்றார்.

கூடாரத் துணியில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த கிரேஸி சிரித்துவிட்டாள். கிரேஸி அருளப்பனின் மனைவி. பெண்கள் வாசலில் டிக்கெட் கொடுப்பது அவள் பொறுப்பு. மணப்பாட்டில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். வாய் சும்மா இருக்காது.

"சிரிக்கியா தங்கச்சி? நல்லாச் சிரி."

"அந்த ஆளு மேல தப்பில்ல அண்ணாச்சி. சந்தைக்குப் போகுத எங்க அய்யாட்ட, 'போன வாரம் வாங்கிட்டு வந்த மாதிரி மீனு வாங்கிட்டு வாங்க'ன்னு அம்மை சொல்லுவா. அவரு அதே நீளத்துக்கு மீன் வாங்கிட்டு வருவாரு. அம்மைக்கு அது பிடிச்சது முள்ளு கம்மின்னு. அதை அவ சொல்லவே இல்லையே."

"இப்பம் என்ன சொல்லுத நீ?"

"ஓடக்காரன் படம் உங்களுக்கு ஏன் பிடிச்சுது?"

"ஏன்னா... நல்லா இருந்துது."

"இதத்தான் ரெண்டு வருசமா மதராஸுக்கு எழுதுதீங்க."

மைதீனுக்குக் கோபம் வந்தது. சொந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து, டிக்கெட் கிழிக்கிறவளிடம் பரீட்சை எழுதுவதா? ஆனால் பதில் சொல்ல வாய் திறந்தால் "நல்லா", "ஜோரா", "உசிரோட" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதுதான் அவரை இன்னும் எரிச்சல்படுத்தியது. பன்னிரண்டு வருஷம் ஜவுளி விற்றவர். நூல் என்ன நம்பர், சாயம் வெளுக்குமா, முந்தியில் எத்தனை இழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். உயிராக நினைக்கிற படத்தைப் பற்றி ஒரு இழை சொல்லத் தெரியவில்லை.

"வெள்ளம் பிடிச்சுதா?" என்று கேட்டாள் கிரேஸி, ஊசியைத் துணியில் குத்திக்கொண்டே.

"வெள்ளம் இங்கன தாமிரவருணியில வருசா வருசம் பாக்குதேனே. வெள்ளத்துக்காக இல்ல."

"படகா?"

"படகும் இல்ல. இப்பம் அனுப்பியிருக்கானே, எட்டுப் படகு. பாத்தா கொட்டாவி வருது."

"அப்ப ஓடக்காரன் ஜெயிச்சிருவான்னா?"

"அவன் ஜெயிப்பானா மாட்டானான்னு தெரியாது தங்கச்சி, அதுதான்! அவளுக்கு அங்கன வலி எடுக்கி. இவன் கையில துடுப்பு இல்ல." மைதீன் எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு இங்கன இருந்து குதிக்கணும் போல இருக்கும்."

இப்போது அருளப்பன் குறுக்கே நுழைந்தான். "அண்ணாச்சி, யானையைக் கப்பல்ல ஏத்துத படம் பிடிக்கும்னு சொல்லுதீங்க. போன வருசம் கல்லிடைக்குறிச்சியில அதே மாதிரி ஒரு படம் போட்டோம், ஞாபகம் இருக்கா? அதே துறைமுகம், அதே பாரந்தூக்கி. நிலக்கரி ஏத்துனானுவ. அதப் பாத்துட்டு நீங்க பெட்டிய ஒதைச்சீங்க."

"ஆமா. அது என்ன படம்? கரி மேல போகுது, கரி கீழ வருது."

"யானையும் அப்படித்தான மேல போகுது, கீழ வருது?"

இரண்டு படமும் மைதீனின் கண் முன்னே ஓடின. ஒரே கப்பல். ஒரே சங்கிலி. யானைப் படத்தைத் தொழிலுக்கு வந்த புதிதில் பதினைந்து தடவை போட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் யானையின் நாலு காலும் தரையை விட்டுக் கிளம்புகிற இடத்தில் அவர் கை தானாக மெதுவாகச் சுற்றும். மற்றதை ஒரு தடவைக்கு மேல் போடவில்லை.

"கரி விழுந்தா அள்ளிக்கிடலாம்" என்றார் கடைசியில், பைய. "யானை விழுந்தா போச்சு. அது காலை உதைக்கி பாரு, அதுக்குப் பயம். கீழ நிக்கிற பாகனுக்கு அதவிடப் பயம்."

"இதுதான் அண்ணாச்சி!" என்று கிரேஸி தைப்பதை நிறுத்தினாள். "இத எழுதுங்க."

அன்றைக்குப் பகல் முழுவதும் மூன்று பேரும் சண்டை போட்டார்கள். பிடித்த படம் ஒன்றைச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் அதே போல் இருந்து பிடிக்காமல் போன படம் ஒன்றை வைப்பார்கள். என்ன வித்தியாசம் என்று மைதீனைப் பிடுங்குவார்கள். கடுதாசிக்குப் பின்னால் ஓடுகிறவனும் ஊரெல்லாம் விழுந்தடித்து ஓடினான், மாவு எறிகிறவர்களும் ஓடினார்கள். முதலாமவனுக்கு அந்தக் கடுதாசி வேண்டும். அதில் அவனுக்கு வேலை கிடைத்த சேதி இருந்தது. மாவு எறிந்தவர்களுக்கு ஒன்றும் வேண்டாம். குத்துச்சண்டைக்காரர்களுக்கும் ஒன்றும் வேண்டாம். தாணுமாலையன் பிள்ளை கேட்ட கேள்வி சரியான கேள்விதான். பிறகு ஒரு ராஜ வீட்டுப் படம். அதில் எல்லோருக்கும் ஏதோ வேண்டியிருந்தது. ஆனால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள்; எழுத்து வந்து வந்து போயிற்று; என்ன வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அருளப்பன் சொல்லித்தான் தெரிந்தது, அதிலும் பாதி அவன் சொந்தமாகக் கட்டி விட்டது.

"அண்ணாச்சிக்குச் சிரிப்புப் படம்தான் ஆகாதே" என்றான் அருளப்பன்.

"ஆகாது."

"கடுதாசிப் படம் சிரிப்புப் படம்தான?"

மைதீன் அவனை முறைத்துப் பார்த்தார். "எந்திரிச்சுப் போயி காபி வாங்கிட்டு வாலே" என்றார்.

இன்னொரு சிக்கலும் கிளம்பியது. தலை மறைகிற, முட்டை மனிதனாகிற மாயாஜாலப் படங்களை மைதீனுக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனால் கல்லிடைக்குறிச்சியில் ஜனங்கள் அதைத்தான் மறுபடி மறுபடி கேட்டார்கள். இதை எழுதுவதா, வேண்டாமா? எழுதினால் தன் ரசனையைத் தானே குழப்பினது போல ஆகும். எழுதாவிட்டால் தரை டிக்கெட் காலி. இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடலாம் என்று கிரேஸி சொன்னாள். மைதீனுக்கு அதற்கும் எரிச்சல்தான். ஆனால் வேறு வழி தெரியவில்லை.

சாயங்காலக் காட்சிக்கு முன்னால் கடிதம் முடிந்தது. அதில் அவர் எழுதியது இது:

"மகாராஜராஜஸ்ரீ தில்லைநாயகம் அவர்களுக்கு. முந்தைய கடிதத்தில் படப்பெயர் மட்டும் எழுதினேன், காரணம் எழுதவில்லை. அது என் பிசகு. ஓடக்காரன் படம் பிடித்ததற்குக் காரணம் ஆறும் அல்ல, படகும் அல்ல. அவனுக்கு ஒன்று அவசியமாக வேண்டியிருக்கிறது. அது கிடைக்குமா என்பது கடைசி வரை தெரியவில்லை. தடை கண்ணுக்குத் தெரிகிறது. யானை ஏற்றும் படம் பிடித்தது. அதே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் படம் பிடிக்கவில்லை. கரிக்கு ஆபத்து இல்லை, யானைக்கு ஆபத்து உண்டு. கடுதாசிக்குப் பின்னால் ஓடுகிற படம் பிடித்தது. மாவு எறிகிற படம் பிடிக்கவில்லை. முன்னதில் ஓடுவதற்குக் காரணம் உண்டு, பின்னதில் இல்லை. குத்துச்சண்டையும் அப்படியே. ராஜ வீட்டுப் படம் பிடிக்கவில்லை. எழுத்தைப் படித்தால்தான் விளங்குகிறது. எழுத்தை மறைத்துவிட்டாலும் கதை தெரிய வேண்டும். சிரிப்பா, அழுகையா, எந்தத் தேசம், புதுசா, பழசா என்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. சிரிப்புப் படமே வேண்டாம் என்று முன்னே எழுதியதைத் தள்ளிவிடவும். இரண்டு சுருளுக்கு மேல் வேண்டாம். முத்தம் கொடுப்பது இருந்தால் வேண்டவே வேண்டாம், கூடாரத்தைக் கொளுத்திவிடுவார்கள். இது என் ரசனை. ஜனங்களுக்காக வாரம் ஒரு மாயாஜாலம் அனுப்பவும். அது எதுவானாலும் சரி, நான் பார்க்கப்போவதில்லை."

பதில் வர எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் கூடாரம் திசையன்விளைக்குப் போய்விட்டது. செம்மண் காற்று; எந்திரத்தைத் துடைத்துத் துடைத்து மைதீனுக்குக் கை ஓய்ந்துபோனது. பெட்டியோடு ஒரு சீட்டும் இருந்தது.

"ஐயா, இப்படி ஒரு கடிதம் எனக்கு இதுவரை வந்ததில்லை. எட்டு நாள் தாமதத்துக்குக் காரணம், அலமாரியில் இருப்பதை மறுபடி போட்டுப் பார்த்தேன். மாயாஜாலம் ஒன்று போக, தங்களுக்காக மூன்று. மூன்றும் கேட்லாக்கில் வேறு வேறு தலைப்பின் கீழ் இருப்பவை. பார்த்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் எழுதவும்."

முதல் படத்தின் தலைப்பு 'சிரிப்பு' என்று இருந்தது. மைதீனுக்குச் சுருக்கென்றது. போட்டார். ஒரு கூலிக்காரன் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு சந்தை நடுவே வீட்டுக்கு நடக்கிறான். குளிரில், ஜன்னல் கண்ணாடி உடைந்துபோன வீட்டுக்குள் அவன் மகள் இருமிக்கொண்டு படுத்திருக்கிறாள். வழியில் மாட்டு வண்டி, பந்து விளையாடும் பிள்ளைகள், குடித்துவிட்டு வருகிறவன், ஒரு ஏணி. ஒவ்வொன்றையும் தாண்டுகிறான். கூடாரம் சிரிக்கிறது, மூச்சைப் பிடிக்கிறது, மறுபடி சிரிக்கிறது. அருளப்பன் பாதியில் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டான், தேவைப்படவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து, கதவில் இடித்து, கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டுவிடுகிறது. அவன் அந்த விரிசலோடேயே ஜன்னலில் பொருத்துகிறான். ஷேக் மைதீன் கைப்பிடியை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் கண்ணைத் துடைத்தார்.

இரண்டாவது படம் கேட்லாக்கில் 'பிரயாணக் காட்சி'. மலைப்பாதையில் ஒரு கோவேறு கழுதை இறங்குகிறது, முதுகில் தபால், ஒரு பக்கம் பாதாளம், குளம்படியில் கல் சரிகிறது. அவ்வளவுதான், அவருக்கு அது போதும். மூன்றாவது, ஒரு திருடன் இரும்புப் பெட்டியைத் திறக்கிற படம். எழுதிய எல்லாம் அதில் இருந்தது: அவனுக்கு ஒன்று வேண்டும், கண்ணுக்குத் தெரிகிறது, தடை இருக்கிறது, எழுத்தே இல்லை. ஜனங்கள் கை தட்டினார்கள். மைதீனுக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று சரியில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. கடைசியில் அகப்பட்டது. அவன் திறக்க வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. உடனே ஒரு கார்டு எடுத்து எழுதினார்: "கண்ணாடி அற்புதம். கழுதை அற்புதம். திருடன் வேண்டாம். வேண்டும் என்று தவிக்கிறவன் மேல் எனக்குப் பரிவு வர வேண்டும். இதை முன்னே எழுத விட்டுப்போயிற்று, எனக்கே தெரியாது."

தபாலில் போட்டுவிட்டு, நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு, "கண்ணாடிப் படம் எப்படி தங்கச்சி?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சந்தோஷமாகக் கேட்ட கேள்வி.

"எனக்குப் பிடிக்கல அண்ணாச்சி" என்றாள் கிரேஸி.

"என்னது?"

"கூட ஒரு ஆளைக் கூப்பிட்டு ரெண்டு பேராத் தூக்கிட்டு வந்தா படமே இல்லையே. அறிவு கெட்டவன். அவனுக்காக நான் எதுக்குப் பதறணும்? எனக்குப் பிடிச்சது அந்த ராஜ வீட்டுப் படம்தான்."

"அதுல உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாளுவளே!"

"பேசல. தங்கச்சிக்காரி கல்யாண மாலையைப் போட்டுக்கிட்டு வருவா. அக்கா சிரிச்சுக்கிட்டே பாப்பா. வாய் சிரிக்கி, கண்ணு சிரிக்கல. மூஞ்சியக் கிட்டக்கக் காட்டுனான் பாருங்க, அந்த ஒரு நிமிசம் போதும். எங்க பக்கம் இருந்த பொம்பளைகள் எல்லாம் 'ஐயோ'ன்னாளுவ. நீங்க அங்கன எந்திரத்தைச் சுத்திக்கிட்டு இருந்தீங்க, உங்களுக்கு எங்க கேக்கும்?"

மைதீன் அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன் கூடாரத்தின் உச்சியைப் பார்த்தான்.

"உங்க கடுதாசியில 'ஜனங்களுக்கு மாயாஜாலம்'னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க" என்றாள் கிரேஸி. "பொம்பளைகளும் ஜனங்கதான. பேனாவத் தாங்க."

அவளே எழுதினாள். மைதீனின் கடிதத்தைவிட நீளமாக இருந்தது. சண்டை இருக்கலாம், ஆனால் கையால் போடுகிற சண்டை வேண்டாம், ஒரே வீட்டுக்குள் இருவர், வெளியே சிரிப்பும் உள்ளே வேறொன்றுமாக இருக்க வேண்டும், முகம் கிட்டத்தில் தெரிய வேண்டும், துரத்திக்கொண்டு ஓடுவது வேண்டாம், கழுதை வேண்டாம். பிடித்த படம் இரண்டு, பிடிக்காத படம் நாலு; நாலில் இரண்டு மைதீனுக்கு உயிரான படங்கள். காரணம் எல்லாம் கணீரென்று எழுதியிருந்தாள். கம்பெனிக்குப் போகிற கடிதம், கையெழுத்து மைதீன்தான் போட வேண்டும். அவர் சொல்லக் கேட்டதை வைத்தே ஓடக்காரன் படத்தை 'பெண்டாட்டியைத் தனியே விட்டுப் போனவன்' என்று எழுதியிருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சி பெண்களுக்கு என்று ஆயிற்று. கூடாரத்தின் மேல் கறுப்புத் துணியை இரட்டையாகப் போர்த்தி இருட்டாக்கினார்கள். தில்லைநாயகம் இரண்டு பட்டியலையும் இரண்டு உறையில் வைத்துக்கொண்டு, பெட்டியில் "மை." என்றும் "கி." என்றும் சாக்கட்டியால் எழுதி அனுப்புவார். திசையன்விளையில் முதல் வெள்ளிக்கே இடம் இல்லாமல் பெண்கள் வெளியே நின்றார்கள்; விக்டோரியா என்ற ஒரு மீன்காரி கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனவள் இரண்டு காட்சி முடிந்துதான் வந்தாள்.

அந்தக் காட்சிகளுக்குக் கைப்பிடி சுற்றுவது மட்டும் மைதீனால் முடியவில்லை. எந்திரத்தை அருளப்பனிடம் விட்டுவிட்டு வெளியே வண்டியடியில் போய் உட்கார்ந்துகொள்வார். விளக்கம் சொல்வது கிரேஸி. அவள் குரல் துணியைத் தாண்டிக் கேட்கும்: "பாருங்க, இப்பம் அவ பேசல. ஆனா அந்தக் கண்ணப் பாருங்க." உள்ளே நூறு பெண்கள் மூச்சை இழுப்பார்கள்.

"என்னத்தப் பாக்கதுக்கு இருக்கு அதுல?" என்று மைதீன் வண்டிமாட்டிடம் கேட்பார். "ஒருத்தியும் எந்திரிச்சுக்கூட நடக்க மாட்டேங்குதாளே."